மணக்காத லோஷனுக்குள் வாசனைத் திரவியம்

*அம்மாவுக்குக் கழுத்திலும் முன்கைகளிலும் அரிப்பு. வாசனை சேர்க்காத லோஷன்தான் போட வேண்டும் என்று தோல் டாக்டர் சொன்னார். ‘அன்சென்ட்டெட்’ என்று போட்டிருந்ததை வாங்கினேன். மோந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் பின்பக்கப் பட்டியலில் ‘ஃபிராக்ரன்ஸ்’ என்று இருக்கிறது, அரிப்பும் நிற்கவில்லை. இது ஏமாற்று வேலையா? ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று போட்டதை வாங்கினால் தீர்ந்துவிடுமா?*

ஏமாற்று என்று சொல்ல முடியாது. அந்த லோஷன் மணக்காது என்பதும் உண்மை, அதில் வாசனைத் திரவியம் இருக்கிறது என்பதும் உண்மை. மணக்காமல் இருப்பதற்காகவே அதைச் சேர்த்திருக்கிறார்கள். ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’க்கு மாறுவது சரியான அடுத்த படிதான், ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பி வாங்கினால் மறுபடியும் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. ஏன் என்று சொல்கிறேன். க்ரீம், லோஷன்களுக்கு ஃபார்முலா போடுவது என் தொழில் என்பதால் கொஞ்சம் உள்பக்கமிருந்தே பேசலாம்.

வாசனை எதுவும் சேர்ப்பதற்கு முன் ஒரு லோஷன் எப்படி இருக்கும் என்று வெளியில் பலருக்குத் தெரியாது. அதை நாங்கள் பேஸ் என்போம். அது மணமற்றது அல்ல. லானோலின் சேர்த்திருந்தால் ஆட்டு ரோம வாடை அடிக்கும், ஏனென்றால் அது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு. சுத்திகரிக்காத ஷியா வெண்ணெயில் லேசான புகை கலந்த கொட்டை வாடை. ஸ்டியரிக் அமிலம் மெழுகுவர்த்தியை நினைவூட்டும். பித்தவெடிப்பு க்ரீம்களில் போடும் யூரியா நாளாக ஆக மெதுவாகச் சிதைந்து அம்மோனியா நெடியைக் கிளப்பும். இவை எதுவும் கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. ஆனால் மூடியைத் திறந்து முகர்கிறவர் ‘பழசைக் கொடுத்துவிட்டான்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்.

இதைச் சரிசெய்ய வழிகள் சில உண்டு. வாடை நீக்கிச் சுத்திகரித்த மூலப்பொருள்களையே வாங்கலாம். விலை கூடும், அப்படியும் முழுக்கப் போகாது. வாடை மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருளைச் சேர்க்கலாம். ஆமணக்கெண்ணெயிலிருந்து வரும் ஜிங்க் ரிசினோலியேட் அப்படிப்பட்டது, அது வாசனைப் பொருளே அல்ல. மூன்றாவது வழிதான் மலிவு, சுலபம், பரவலும் அதுதான். மாஸ்கிங் ஃபிராக்ரன்ஸ், அதாவது மறைப்பு வாசனை.

மல்லிகை வாசனையைக் கொட்டி வாடையை அமுக்குவது என்று இதை நினைத்துவிடக் கூடாது. வாசனைத் திரவியக் கம்பெனிக்கு நம் பேஸின் மாதிரியை அனுப்புவோம். அந்த வாடையோடு கலந்தால் ‘இது இன்ன வாசனை’ என்று பெயர் சொல்ல முடியாதபடி ஆகிவிடும் ஒரு கலவையை அவர்கள் தயாரித்துத் தருவார்கள். மென்மையான கஸ்தூரி வகை, லேசான பூ வகை என்று பல மூலக்கூறுகள் அதில் இருக்கும். மணக்கும் லோஷன்களில் வாசனைத் திரவியம் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 சதவீதம் வரை போகும். மறைப்பதற்கு 0.1 சதவீதமோ அதற்கும் குறைவோ போதும். அளவுதான் குறைவு. உள்ளே இருக்கும் வேதிப்பொருள்கள் மணக்கும் லோஷனில் இருக்கிற அதே குடும்பம்தான்.

அம்மாவின் தோல் ஏன் இதைக் கண்டுபிடிக்கிறது, உங்கள் மூக்கு ஏன் கண்டுபிடிக்கவில்லை? மூக்குக்கு, காற்றில் ஆவியாகி வந்து தூக்கலாகத் தெரிகிற அளவு வேண்டும். இங்கே ஒன்றையொன்று மங்கச் செய்வதற்காகவே கலவை வடிவமைக்கப்பட்டிருக்கிறது, அதனால் மூக்கு ஏமாறுகிறது. தோலின் கணக்கு வேறு. லினலூல், ஜெரானியால், யூஜெனால், சின்னமால் போன்றவை சின்ன மூலக்கூறுகள். தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போய் அங்கிருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. சிலருடைய நோய் எதிர்ப்புச் செல்கள் அந்த ஒட்டுப் புரதத்தை எதிரி என்று ஒருமுறை முடிவுசெய்துவிட்டால், பிறகு சிறிய அளவு பட்டாலே அரிப்பும் சிவப்பும் கிளம்பும். அது மணந்ததா இல்லையா என்பதற்கு அந்தச் செல்களிடம் இடமில்லை.

இன்னொரு சிக்கல், இந்த அலர்ஜி உடனே வராது. பட்டபின் ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் முழு வீச்சில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசியதற்குச் செவ்வாய்க்கிழமை அரிக்கும். நாமோ செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட கத்திரிக்காயைக் குற்றம் சொல்வோம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது: ‘அன்சென்ட்டெட்’ என்று விற்கும் பொருளில் மற்றப் பொருள்களின் வாடையை மறைக்கச் சிறிதளவு வாசனைப் பொருள் இருக்கலாம் என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். நம் இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள்தான் லேபிளுக்கு அடிப்படை. சேர்மானப் பட்டியல் போட வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை அளவு இறங்குவரிசையில், ஒரு சதவீதமும் அதற்குக் குறைவானதும் எந்த வரிசையில் வேண்டுமானாலும். ஆனால் 60 மில்லிக்குக் குறைந்த திரவங்களுக்கும், 30 கிராமுக்குக் குறைந்த க்ரீம் போன்றவற்றுக்கும் இந்தப் பட்டியல் தேவையில்லை என்று விலக்கு உண்டு. ‘முதலில் சின்ன ட்யூப் வாங்கிப் பார்ப்போம்’ என்று நாம் எடுப்பதில் பட்டியலே இல்லாமல் போவது இதனால்தான். அதே பொருளின் பெரிய பாட்டிலைக் கடையில் எடுத்துப் படித்துவிட்டு, பிறகு சின்னதை வாங்குங்கள்.

பட்டியலில் ‘ஃபிராக்ரன்ஸ்’, ‘பர்ஃப்யூம்’, ஐரோப்பியப் பாணியில் ‘பார்ஃபம்’ என்று எது இருந்தாலும் அர்த்தம் ஒன்றே. உள்ளே பத்துப் பொருள் இருக்கிறதா, ஐம்பதா என்று அந்த ஒற்றைச் சொல் சொல்லாது. கலவையின் விவரம் வணிக ரகசியம் என்பதால் இப்படி ஒரே சொல்லில் முடிக்கப் பல நாடுகள் இடம் கொடுத்திருக்கின்றன.

இதில் ஐரோப்பா ஒரு படி மேலே போனது. அடிக்கடி அலர்ஜி தரும் 26 வாசனைப் பொருள்களை, அளவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் தனியாகப் பெயர் சொல்ல வேண்டும் என்று 2003இல் விதி கொண்டுவந்தார்கள். 2023இல் அந்தப் பட்டியலை எண்பதுக்கும் மேலாக விரித்திருக்கிறார்கள். நம் ஊரில் விற்கும் பாட்டில்களிலும் ‘லினலூல்’, ‘லிமோனின்’, ‘சிட்ரோனெலால்’ என்று கடைசியில் வருவதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்த விதியின் நிழல். தோலில் தங்கும் பொருளுக்கு எல்லை 0.001 சதவீதம், கழுவிவிடும் பொருளுக்கு 0.01 சதவீதம்.

இந்த எல்லையை மறைப்பு வாசனைக்குப் பொருத்திப் பாருங்கள். 100 கிராம் லோஷனில் 0.1 சதவீதம் மறைப்புக் கலவை என்றால் 100 மில்லிகிராம். அதில் லினலூல் ஐந்து சதவீதம் இருந்தால் 5 மில்லிகிராம், அதாவது மொத்த லோஷனில் 0.005 சதவீதம். எல்லையைத் தாண்டுகிறது, பெயர் வரும். லினலூல் ஒரு சதவீதம்தான் என்றால் 1 மில்லிகிராம், 0.001 சதவீதம். தாண்டவில்லை, பெயர் வராது. அதே கலவையை அதே அளவில் ஷாம்புவில் போட்டால், ஐந்து சதவீத லினலூலுக்கும் பெயர் சொல்ல வேண்டியதில்லை, அங்கே எல்லை பத்து மடங்கு தளர்வு. ஆகவே ‘ஃபிராக்ரன்ஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் தனிப் பெயர் எதுவும் இல்லை என்பதை வைத்து ‘அலர்ஜிப் பொருள் இல்லாத வாசனை’ என்று முடிவுகட்டக் கூடாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்றால் மணம் தருவதற்கோ மறைப்பதற்கோ வாசனைப் பொருள் சேர்க்கவில்லை என்று பொருள்கொள்வதுதான் வழக்கம். அப்படிப்பட்ட லோஷனில் பேஸின் சொந்த வாடை லேசாக அடிக்கலாம். அடித்தால் அது நல்ல அறிகுறிதான், பயப்படாதீர்கள். ஆனால் நம் விதிகளில் இந்தச் சொல்லுக்குத் தனி வரையறை இல்லை. ஆகவே சில தயாரிப்பாளர்கள் ‘வாசனைக் கலவை’ என்று தனியாக எதையும் வாங்கிச் சேர்க்கவில்லை என்ற குறுகிய பொருளில் இதைப் போடுகிறார்கள். வேறு வேலைக்கு என்று சேர்த்த ஒரு பொருள் வாசனையும் கொடுத்தால் அதைக் கணக்கில் கொள்வதில்லை.

இது எவ்வளவு பரவலானது என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் அதிகம் விற்கும் மாய்ஸ்சரைசர்களின் சேர்மானங்களை ஆராய்ந்து, 2017இல் ‘ஜாமா டெர்மட்டாலஜி’ இதழில் வெளியிட்டார்கள். ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று சொல்லிக்கொண்டவற்றில் 45 சதவீதத்தில், வாசனை அலர்ஜி உள்ளவர்களுக்கு ஒத்துவராமல் போகக்கூடிய பொருளோ தாவரச் சாறோ ஒன்றாவது இருந்தது.

கடையில் படிக்கிற மாதிரி ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம். எந்தக் கம்பெனியுடையதும் அல்ல, வழக்கமாகப் பார்க்கிற வகை. முன்பக்கம் ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’. பின்பக்கம்: அக்வா, கிளிசரின், சீட்டியரில் ஆல்கஹால், ஷியா வெண்ணெய், டைமெத்திகோன், ஃபீனாக்ஸி எத்தனால், பென்சைல் ஆல்கஹால், லாவன்டுலா அங்கஸ்டிஃபோலியா ஆயில், டோக்கோஃபெரில் அசிட்டேட்.

சீட்டியரில் ஆல்கஹாலைப் பார்த்து மிரள வேண்டாம். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் அது மெழுகு போன்ற கொழுப்புப் பொருள், வாசனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃபீனாக்ஸி எத்தனால் கெட்டுப்போகாமல் காக்கும் பொருள். லேசான ரோஜா வாடை அதற்கு உண்டு என்றாலும் வாசனை அலர்ஜிக்காரர்களுக்குப் பெரும்பாலும் தொந்தரவு தராது. எனக்கு அது வேறு விதத்தில் உதவும்: ஐரோப்பிய விதிப்படி அதை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்க முடியாது, மற்ற இடங்களிலும் தயாரிப்பாளர்கள் அந்த எல்லைக்குள்தான் நிற்கிறார்கள். ஆகவே பட்டியலில் அது வரும் இடத்திலிருந்து கீழே உள்ளதெல்லாம் ஒரு சதவீதத்துக்கு உட்பட்டவை என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். மறைப்பு வேலை செய்யும் பொருள்கள் பதுங்குவது அந்தப் பகுதியில்தான். வாங்கும்போது அந்தக் கடைசி நாலைந்து பெயர்களைப் படித்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

பென்சைல் ஆல்கஹாலுக்கு இரண்டு முகம். கிருமியைத் தடுக்கும், மெல்லிய இனிப்பு மணமும் தரும். ஐரோப்பா சொன்ன அந்த 26 பொருள்களில் இதுவும் ஒன்று. ‘பிரிசர்வேட்டிவாகத்தான் போட்டோம்’ என்று தயாரிப்பாளர் சொல்லலாம், பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ரோஜா மணமுள்ள ஃபீனெத்தைல் ஆல்கஹாலும், துர்நாற்றம் போக்க என்று சேர்க்கும் ஃபார்னிசாலும் இதே கதை.

அடுத்தது லாவன்டுலா. இது லாவெண்டர் எண்ணெய். ‘தோலுக்கு இதம்’ என்று சொல்லிச் சேர்த்தாலும் அதன் பெரும்பகுதி லினலூலும் லினலைல் அசிட்டேட்டும்தான். காற்றுப் பட்டுப் பட்டு லினலூல் ஆக்சிஜனோடு சேரும்போது உருவாகும் ஹைட்ரோபெராக்சைடுகள், லினலூலைவிடப் பல மடங்கு அலர்ஜி தரக்கூடியவை. ‘இயற்கையானது, தோலுக்கு ஒன்றும் செய்யாது’ என்பது இந்த விஷயத்தில் எடுபடாது. சிட்ரஸ் என்று தொடங்கும் பழத்தோல் எண்ணெய்கள், பெலர்கோனியம், கனாங்கா, ரோசா டமாஸ்கேனா, சண்டலம் என்று லத்தீன் பெயரில் வருபவை எல்லாம் இந்த வகை. சண்டலம் வேறெதுவும் இல்லை, நம் சந்தனம்தான்.

இப்படிப்பட்ட லோஷனில் ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று போடுவது சரியா? ஐரோப்பிய ஆணையத்தின் 2017 வழிகாட்டி கூடாது என்கிறது. ஒரு பொருள் வேறு என்ன வேலை செய்தாலும் சரி, அந்தத் தயாரிப்பில் அது வாசனை வேலையையும் செய்தால் ‘வாசனை இல்லை’ என்று சொல்லக் கூடாது என்பது அதன் நிலை. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

அதே சமயம் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டாம். ஐரோப்பாவின் காஸ்இங் தரவுத்தளத்தில் ஒவ்வொரு சேர்மானத்துக்கும் அதன் பயன்கள் போட்டிருக்கும். அங்கே தேடினால் வைட்டமின் ஈ-யான டோக்கோஃபெராலுக்கும் ‘மாஸ்கிங்’ என்று ஒரு பயன் எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வைட்டமின் ஈ சேர்த்த எல்லா க்ரீமையும் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. அந்தத் தரவுத்தளம் ஒரு பொருளை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது, உங்கள் பாட்டிலில் எதற்காகப் போட்டார்கள் என்று சொல்வதில்லை.

பட்டியலைப் படித்தும் பிடிபடாத ஓர் இடம் இருக்கிறது. லோஷன் தயாரிப்பவர் வாங்கும் மூலப்பொருளிலேயே அதை விற்பவர் சிறிது மறைப்பு வாசனை சேர்த்திருக்கலாம். முடிவான தயாரிப்பில் அது பொருட்படுத்த முடியாத அளவு என்று கருதப்பட்டால் பட்டியலில் ஏறாது. கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினால், “மூலப்பொருள்களில் மறைப்பு வாசனை, எசென்ஷியல் ஆயில் எதுவும் உண்டா?” என்று இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘வாசனை உண்டா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘எங்கள் தயாரிப்பு மணக்காது’ என்று பதில் வரும், அதில் உங்களுக்குப் பயன் இல்லை.

அம்மாவுக்கு இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கையிலிருக்கும் லோஷனை நிறுத்துங்கள். டாக்டர் மருந்து கொடுத்திருந்தால் அது தொடரட்டும். ஈரப்பதத்துக்கு வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, அதிலும் வாசனை சேர்க்காத சாதாரண வகை போதும். தண்ணீர் இல்லாத பொருள் என்பதால் பிரிசர்வேட்டிவும் தேவைப்படாது. சென்னை வெயிலில் பிசுபிசுக்கும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. குளித்து ஈரம் காய்வதற்குள் மெல்லியதாகப் பூசினால் கொஞ்சம் தேவலை.

அரிப்பு அடங்கியபின் புதிய லோஷனை நேராகக் கழுத்தில் பூசாதீர்கள். முன்கையின் உள்பக்கம், முழங்கை மடிப்புக்குக் கொஞ்சம் கீழே, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரே இடத்தில் காலையும் மாலையும் பூசி வாருங்கள். இரண்டு வாரம் வரை தொடர வேண்டும். தோல் டாக்டர்களும் இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள். சிவந்தாலோ, சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பினாலோ, அரித்தாலோ அப்போதே நிறுத்திவிடுங்கள். ஒருநாள் பூசிப் பார்த்து ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பது சோதனை ஆகாது, காரணம் மேலே சொன்ன அந்தத் தாமதம். சோப்பு, ஷாம்பு போன்று கழுவிவிடும் பொருள்களை இப்படி விட்டுவைத்துச் சோதிக்கக் கூடாது. அவற்றில் உள்ள அழுக்கு நீக்கும் பொருள்களே தோலைப் புண்ணாக்கும், அதை அலர்ஜி என்று தப்பாக நினைப்போம்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பேட்ச் டெஸ்ட்தான். முதுகில் சிறு சிறு வில்லைகளில் பொருள்களை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், நான்காம் நாள் வாக்கில் மறுபடியும் பார்ப்பார்கள். வாசனைக்கு என்று ‘ஃபிராக்ரன்ஸ் மிக்ஸ் ஒன்று’, ‘இரண்டு’ என்ற கலவைகளும், பெரு பால்சம் என்ற மரப்பிசினும் வழக்கமான வரிசையில் இருக்கும். முதல் கலவையில் எட்டுப் பொருள், இரண்டாவதில் ஆறு. இவை எல்லா வாசனைப் பொருளையும் பிடித்துவிடாது. ஆகவே அம்மா உபயோகிக்கும் பாட்டில்களையும் கையோடு எடுத்துப் போங்கள். பட்டியல் கிழிந்துபோகும் முன் ஃபோட்டோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது, அதே பெயரில் விற்கும் பொருளின் சேர்மானம் சொல்லாமல் மாறுவது சகஜம்.

வாசனையை முழுக்க விலக்கியும் அரிப்பு போகவில்லை என்றால், வாசனை அல்லாத வேறு ஒன்றைத் தேட வேண்டும். மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பிரிசர்வேட்டிவுக்கு நிறையப் பேருக்கு அலர்ஜி வந்து, தோலில் தங்கும் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பா தடையே போட்டது. அது ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ பாட்டிலிலும் இருக்க முடியும். கழுத்து என்பதால் கவரிங் சங்கிலியின் நிக்கலையும் சந்தேகப்படுங்கள். சங்கிலி படும் கோட்டில் மட்டும் அரித்தால் அதுதான். கழுத்து முழுக்க, காதுக்குப் பின்னாலும் அரித்தால் தலையிலிருந்து வழியும் ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், டை. முன்கையும் கழுத்தும் சேர்ந்தே அரித்தால் பௌடரையும், துணி அலசும்போது கடைசியில் ஊற்றும் கம்ஃபர்ட் வகைத் திரவத்தையும் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். சலவைப் பொருள்களின் பாக்கெட்டில் முழுச் சேர்மானப் பட்டியலை நம் ஊரில் பார்ப்பது அரிது. அங்கே படித்துக் கண்டுபிடிக்க வழியில்லை, நிறுத்திப் பார்ப்பது ஒன்றுதான் வழி.